என்எஃப்-கப்பாபி: தடுப்பான் அழிவதையும் திரும்பி வருவதையும் ஒரே ஜெல்லில் பார்ப்பது எப்படி?

அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பாபி என்ற புரதத்தை, தேவைப்படும்போது செல் புதிதாகச் செய்வதில்லை. அது ஏற்கெனவே சைட்டோபிளாசத்தில் தயாராக இருக்கிறது. ஐகப்பாபி-ஆல்ஃபா என்ற தடுப்பான் அதைப் பிடித்து வைத்திருப்பதால் நியூக்ளியஸுக்குள் போய் நிலைக்க முடியவில்லை, அவ்வளவுதான். டிஎன்எஃப் போன்ற சமிக்ஞை வந்ததும் செல் அந்தத் தடுப்பானையே அழித்துவிடுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பாபி உள்ளே போய் இயக்கும் மரபணுக்களில் ஒன்று, அதே தடுப்பானுக்கு உரியது. புதிதாகச் செய்யப்பட்ட தடுப்பான் நியூக்ளியஸுக்குள் நுழைந்து, என்எஃப்-கப்பாபியை டிஎன்ஏவிலிருந்து பிரித்து வெளியே கூட்டி வருகிறது.

இந்தச் சுற்று முழுவதையும் ஒரு வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்துவிடலாம். 13 தட்டு ஹீலா செல்கள், மனித டிஎன்எஃப், இரண்டு மருந்துகள் இருந்தால் போதும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

டிஎன்எஃப் அதன் ஏற்பியில் ஒட்டிய சில நிமிடங்களில் ஐகேகே என்ற கைனேஸ் கூட்டு விழித்துக்கொள்ளும். அது தடுப்பானின் 32, 36-ஆம் செரின்களில் பாஸ்பேட் ஏற்றும். பாஸ்பேட் ஏறிய அந்த இடத்தை பீட்டா-டிஆர்சிபி என்ற புரதம் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள, பக்கத்திலுள்ள லைசின்களில் யுபிக்விட்டின் சங்கிலி கட்டப்படும். சங்கிலி ஏறிய தடுப்பானைப் புரோட்டியசோம் சிதைத்துவிடும்.

ஆகவே பாஸ்பேட் ஏறுவது ஒரு படி, அழிவது இன்னொரு படி. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டத்தான் எம்ஜி132 என்ற புரோட்டியசோம் தடுப்பு மருந்து. அழிந்தது திரும்பி வருவதற்குப் புதுப் புரத உற்பத்தி தேவை என்று காட்ட சைக்ளோஹெக்சிமைடு. இது ரைபோசோமின் வேலையை நிறுத்திவிடும்.

படி 1: செல்களும் கரைசல்களும்

முந்தின நாள் மாலை 35 மி.மீ. தட்டுகள் 13-ல், தட்டுக்கு 4 முதல் 5 லட்சம் ஹீலா செல்கள் போடுங்கள். மறுநாள் காலை தட்டின் பரப்பில் 70–80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். ஆறு குழித் தட்டு வேண்டாம். ஒரு குழிக்கு டிஎன்எஃப் ஊற்ற வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் மற்ற ஐந்தும் சேர்ந்து குளிரும். இந்தச் சோதனையில் கணக்கே நிமிடத்தில்தான் என்பதால் அது வீண் வம்பு.

சோதனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே ஊடகத்தை மாற்றி, தட்டுக்கு 1.8 மி.லி. வையுங்கள். புதுச் சீரம் பட்டதால் வரும் கலக்கம் அதற்குள் அடங்கிவிடும்.

டிஎன்எஃப் இருப்புக் கரைசல் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 மைக்ரோலிட்டரை, 37 டிகிரியில் இருக்கும் 2,475 மைக்ரோலிட்டர் சீரம் கலந்த ஊடகத்தில் கலந்தால் மி.லி.க்கு 100 நானோகிராம் கிடைக்கும். இதில் 200 மைக்ரோலிட்டரைத் தட்டில் விட்டால் மொத்தம் 2 மி.லி.யில் மி.லி.க்கு 10 நானோகிராம் ஆகும். வெறும் உப்புக் கரைசலில் நீர்க்கச் செய்யாதீர்கள். இவ்வளவு குறைந்த அளவில் புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

மருந்து இரண்டையும் டிஎம்எஸ்ஓவில் ஆயிரம் மடங்கு செறிவில் வைத்துக்கொள்ளுங்கள்: சைக்ளோஹெக்சிமைடு மி.லி.க்கு 10 மி.கி., எம்ஜி132 20 மில்லிமோலார். எதுவானாலும் தட்டுக்கு 2 மைக்ரோலிட்டர்தான். மருந்து சேராத தட்டுகளுக்கும் வெறும் டிஎம்எஸ்ஓ 2 மைக்ரோலிட்டர் விட வேண்டும். இரண்டுமே நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

படி 2: கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லாத் தட்டிலும் ஒரே நேரத்தில் டிஎன்எஃப் ஊற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அதன் செல்களை உடைக்கிறார்கள். அப்போது முதல் மாதிரி ஒன்றரை மணி நேரம் ஐஸில் காத்துக் கிடக்கும், கடைசி மாதிரி புதிதாக இருக்கும். மாற்றிச் செய்யுங்கள். அதிக நேரம் வேண்டிய தட்டுக்கு முதலில் ஊற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக முடியுங்கள்.

12:00 மணிக்கு முடிக்கிறோம் என்றால்:

- டிஎன்எஃப் மட்டும் (6 தட்டு): 90 நிமிடத் தட்டுக்கு 10:30, 60-க்கு 11:00, 30-க்கு 11:30, 15-க்கு 11:45, 5-க்கு 11:55. பூஜ்யத் தட்டுக்கு வெறும் ஊடகம் 200 மைக்ரோலிட்டர்.
- சைக்ளோஹெக்சிமைடு (4 தட்டு): டிஎன்எஃப் 90, 60, 30 நிமிடங்கள். மருந்து அதற்கு அரை மணி முன்பே, அதாவது 10:00, 10:30, 11:00. நான்காவது தட்டுக்கு 10:00 மணிக்கு மருந்து மட்டும்.
- எம்ஜி132 (3 தட்டு): டிஎன்எஃப் 30, 15 நிமிடங்கள். மருந்து ஒரு மணி முன்பே, 10:30, 10:45. மூன்றாவது தட்டுக்கு 10:30-க்கு மருந்து மட்டும்.

பதிமூன்றையும் சரியாக 12 மணிக்கு ஒருவர் உடைக்க முடியாது. தட்டுக்குத் தட்டு அரை நிமிட இடைவெளி வைத்து, ஊற்றும்போதும் அதே வரிசையில் அதே இடைவெளி வையுங்கள். 5 நிமிடத் தட்டில் மட்டும் இந்த ஒழுங்கு தவறவே கூடாது.

படி 3: உடைத்து ஓட்டுதல்

ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, ஐஸ் குளிர்ந்த பிபிஎஸ்ஸால் ஒரு முறை கழுவி, 120 மைக்ரோலிட்டர் ரிபா பஃபர் விடுங்கள். அதில் புரோட்டியேஸ் தடுப்பான்களோடு பாஸ்பட்டேஸ் தடுப்பான்களும் இருக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் பாஸ்பேட் ஐஸிலேயே கழன்றுவிடும், பாஸ்பேட் ஏறிய தடுப்பானை மட்டும் காட்டும் பாஸ்போ பிளாட் வெறுமையாக வரும்.

பிசிஏ முறையில் புரதத்தை அளந்து, குழிக்கு 20 மைக்ரோகிராம் ஏற்றுங்கள். 10 சதவீத ஜெல், 15 குழிச் சீப்பு. பதிமூன்று மாதிரியும் அளவுக்கோல் லேடரும் போக ஒரு குழி மிச்சம்.

ஒப்பீட்டுப் புரதமாக எதை எடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். தடுப்பான் ஏறத்தாழ 37 கிலோடால்டனில் ஓடும். ஆய்வகத்தில் எப்போதும் கையில் இருக்கும் ஜிஏபிடிஎச்சும் அதே உயரத்தில்தான் ஓடும். ஒரே சவ்வில் முதலில் ஜிஏபிடிஎச் பார்த்துவிட்டுப் பிறகு தடுப்பானைப் பார்த்தால், 30 நிமிடக் குழியில் தடுப்பான் அழியவே இல்லை என்று தோன்றும். கண்ணில் படுவது பழைய ஆன்டிபாடியின் மிச்சம். 42-ல் வரும் ஆக்டினும் ரொம்பப் பக்கம். 50-ல் வரும் ஆல்ஃபா-டியூபுலின் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போ ஆன்டிபாடிக்குத் தனிச் சவ்வு வைத்து, பாலுக்குப் பதில் 5 சதவீத பிஎஸ்ஏவில் பிளாக் செய்யுங்கள். பாலிலுள்ள கேசினில் பாஸ்பேட் நிறைய இருப்பதால் பின்னணி கூடிவிடலாம்.

படி 4: பிளாட்டைப் படிப்பது

டிஎன்எஃப் மட்டும் பெற்ற ஆறு குழிகளில், பூஜ்யத்தில் பட்டை தடிமனாக இருக்கும். 5-ல் கொஞ்சம் குறைந்திருக்கும் அல்லது அப்படியே இருக்கும், ஆனால் பாஸ்போ பட்டை இங்கேதான் தெளிவாகத் தெரியும். 15-ல் பெரும்பகுதி போய்விடும், 30-ல் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. 60-ல் திரும்பி வந்திருக்கும்.

30-ல் பாஸ்போ பட்டை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பாஸ்பேட் ஏற்றப்படவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பாஸ்பேட் ஏறிய புரதமே அழிந்துவிட்டது. அதற்குச் சாட்சி எம்ஜி132 குழிகள். அங்கே 15, 30 இரண்டிலும் தடுப்பான் அப்படியே நிற்கும், பாஸ்போ பட்டை பளிச்சென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் மொத்தத் தடுப்பான் பட்டைக்குச் சற்று மேலே இன்னொரு கோடு ஒட்டிக்கொண்டு தெரியும். பாஸ்பேட் ஏறியதால் மெதுவாக நகர்ந்த பகுதி அது.

சைக்ளோஹெக்சிமைடு குழிகளில் 30-ல் தடுப்பான் வழக்கம்போல் காணாமல் போகும், ஆனால் 60-லும் 90-லும் திரும்பி வராது. இந்தச் சோதனையில் மனதில் நிறுத்த வேண்டிய முடிவு இதுதான்: பதில் தொடங்குவதற்குப் புதுப் புரதம் எதுவும் தேவையில்லை, அதை நிறுத்துவதற்குத்தான் தேவை. மருந்து மட்டும் பெற்ற தட்டில் தடுப்பான் கொஞ்சம் குறைந்திருக்கலாம், பெரும்பகுதி இருக்கும். அதுவும் காலியாக இருந்தால் உங்கள் 60, 90 குழிகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பட்டைகளை எண்ணாக்கும் விதத்தைக் கற்பனை எண்களோடு பார்ப்போம். பூஜ்யத்தில் தடுப்பான் 9,000, டியூபுலின் 12,000 என்றால் விகிதம் 0.75. இதுவே 100 சதவீதம். 30-ல் 900-க்கு 11,250 என்றால் 0.08, அதாவது சுமார் 11 சதவீதம். 60-ல் 7,200-க்கு 12,800 என்றால் 0.5625, அதாவது 75 சதவீதம். டியூபுலினால் வகுக்காமல் விட்டிருந்தால் 80 என்று எழுதியிருப்பீர்கள்.

சரியாக வராவிட்டால்

தடுப்பான் எந்தக் குழியிலும் குறையவில்லை என்றால் முதல் சந்தேகம் டிஎன்எஃப் மேல் வையுங்கள். பலமுறை உறையவைத்து உருக்கிய குழாயாக இருக்கும். ஒருமுறைக்கு வேண்டியதைச் சிறு குழாய்களில் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பூஜ்யத்திலேயே பட்டை மெலிந்திருந்தால் செல்கள் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா சோதனை செய்யாமல் மேலே போகாதீர்கள்.

சைக்ளோஹெக்சிமைடும் டிஎன்எஃப்பும் சேர்ந்த தட்டில் செல்கள் உருண்டு மிதந்தால் நேரம் கடந்துவிட்டது. செல்லைக் காக்கும் புரதங்களும் உற்பத்தியாகாததால், இந்தக் கூட்டில் ஹீலா செல்கள் சில மணி நேரத்தில் அப்போப்டோசிஸில் சாகும். 90 நிமிடத்தோடு நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

இந்தப் பிளாட் காட்டாதவை

டிஎன்எஃப் இன்னும் ஊடகத்தில் இருக்கிறது. அப்படியானால் 60-ல் வந்த புதுத் தடுப்பானும் உடனே அழிய வேண்டுமே? அழியாததற்குக் காரணம், அதற்குள் ஐகேகேயின் வேகம் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கியிருப்பது. அதைத் தாழ்த்தி வைப்பதில் ஏ20 என்ற இன்னொரு புரதத்துக்குப் பங்கு உண்டு. அதன் மரபணுவை இயக்குவதும் என்எஃப்-கப்பாபிதான். ஏ20 இல்லாத எலிச் செல்களில் டிஎன்எஃப் தந்தால், என்எஃப்-கப்பாபி நேரத்தோடு அணையாமல் நீடிக்கிறது. ஆகவே நம் சைக்ளோஹெக்சிமைடு தட்டுகளில் இரண்டு பிரேக்குகளும் ஒன்றாகக் கழன்றிருக்கின்றன. தடுப்பான் திரும்பாததற்கு உற்பத்தி நின்றது நேரடிக் காரணம் என்றாலும், ஏ20-ன் பங்கை இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, ஜெல்லில் நாம் பார்ப்பது லட்சக்கணக்கான செல்களின் சராசரி. என்எஃப்-கப்பாபியின் ஒரு பகுதியான பி65 புரதத்தை ஒளிரவைத்துத் தனிச் செல்லில் படமெடுத்தால், டிஎன்எஃப் தொடர்ந்து இருக்கும்வரை அது ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒருமுறை நியூக்ளியஸுக்குள் போவதும் வருவதுமாக இருப்பது தெரியும். முதல் சுற்றில் எல்லாச் செல்களும் ஒன்றாகக் கிளம்புவதால் பிளாட்டில் பள்ளம் தெளிவாக விழுகிறது. இரண்டாம் சுற்றில் அவை ஒன்றுக்கொன்று முன்பின்னாக விலகிவிடுவதால் பள்ளமும் மேடும் கலந்து, பட்டை ஒரே மட்டமாகத் தெரிகிறது. மூன்று மணி நேரம் வரை மாதிரி எடுத்துவிட்டு அலையே இல்லை என்று எழுதிவிட வேண்டாம். அதைப் பார்க்க மைக்ரோஸ்கோப்பில் செல்லைத் தனித்தனியாகத் தொடர வேண்டும்.