காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவோர் செய்யும் தவறுகள்: பெட்டியிலுள்ள எண்ணும் கரியடுப்பின் வாயுவும்

தில்லியில் குளிர்காலம் தொடங்கியதும் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டுக் காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிடுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதே அறையில், குளிர் தாங்காமல், அங்கீட்டி எனப்படும் கரியடுப்பையும் சிலர் கொண்டுவந்து வைக்கிறார்கள். கருவியின் முகப்பில் பச்சை விளக்கு எரிகிறது. நுண்துகள் அளவு 10 என்று காட்டுகிறது. ஆகவே காற்று சுத்தமாக இருக்கிறது என்று நம்பி உறங்கிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை எங்கே பிழைக்கிறது என்பதை, கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

சிஏடிஆர் என்ற அந்த எண், கருவி ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றைத் துகள் நீக்கித் தருகிறது என்பதைச் சொல்கிறது. மூடிய சோதனை அறைக்குள் புகையையோ தூசியையோ மகரந்தத்தையோ பரப்பி, கருவியை ஓடவிட்டு, துகள்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று அளந்து, தானாகவே படிந்துபோகும் துகள்களின் கணக்கைக் கழித்துவிட்டு இதைப் பெறுகிறார்கள். வடிகட்டியின் நுண்மையும் விசிறியின் வேகமும் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே ஏழு அடுக்கு வடிகட்டல், 99.97 விழுக்காடு என்ற விளம்பர வரிகளைக் காட்டிலும் இதுவே பயன்படும். எவ்வளவு நுண்ணிய வடிகட்டியாக இருந்தாலும் அதன் வழியே காற்று மெதுவாகச் சென்றால் அறை சுத்தமாகாது.

முதலில் அலகைப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டியில் 150 என்றும் மற்றொன்றில் 250 என்றும் இருந்தால் இரண்டாவதே வலுவானது என்று தோன்றும். முதலாவதில் CFM என்றும் இரண்டாவதில் m³/h என்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். நிமிடத்துக்கு ஒரு கன அடி என்பது மணிக்கு 1.7 கன மீட்டர்.

அடுத்த தவறு பெரியது: "320 சதுர அடி வரை" என்ற வரியை அப்படியே ஏற்றுக்கொள்வது. சிஏடிஆர் 250 கன மீட்டர் உள்ள கருவியை எடுத்துக்கொள்வோம். அந்த 250ஐ 0.12ஆல் பெருக்கி, 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 320 சதுர அடி என்று சொல்வது நிறுவனங்களிடையே பரவலான கணக்கு. பத்தடி உயரக் கூரை உள்ள வீட்டில் அந்தப் பரப்பின் கன அளவு 90 கன மீட்டரைத் தாண்டும். அந்தக் காற்று மணிக்கு மூன்று முறைகூட முழுதாகச் சுத்தமாகாது. தில்லியின் குளிர்காலக் காற்றுக்கு மணிக்கு ஐந்து முறையாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வதே சரி. 12 அடிக்கு 14 அடிப் படுக்கையறையில், பத்தடிக் கூரையோடு, 1,680 கன அடி, அதாவது சுமார் 48 கன மீட்டர் காற்று இருக்கும். அதை ஐந்தால் பெருக்கினால் 240. ஆக, 320 சதுர அடிக்கு என்று விற்கப்படும் கருவி 168 சதுர அடி அறைக்கே மட்டுமட்டாகப் போதுமானது.

இதுவும் விசிறி உச்ச வேகத்தில் ஓடும்போதுதான். அந்த இரைச்சலில் யாரும் தூங்குவதில்லை. இரவு வேகத்துக்கு மாற்றிவிடுகிறோம். அப்போது சிஏடிஆர் கால் பங்காகக் குறைந்தால், அதே அறையின் காற்று மணிக்கு ஒருமுறைக்குச் சற்றே கூடுதலாகத்தான் சுத்தமாகும். எனவே கணக்கில் வந்த எண்ணைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உள்ள கருவியை வாங்கி, நடு வேகத்தில் ஓடவிடுவதே என் பரிந்துரை.

இத்தனை கணக்கும் துகள்களைப் பற்றியது மட்டுமே என்பதை மறந்துவிடுவதுதான் உயிருக்கே ஆபத்தாக முடியும் தவறு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு துகள் அல்ல, வாயு. வடிகட்டிகளைச் சோதிக்கப் பயன்படும் 0.3 மைக்ரான் துகளோடு ஒப்பிட்டால் அதன் மூலக்கூறு சுமார் 800 மடங்கு சிறியது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் போகும் வழியிலேயே அதுவும் போய்விடும். கருவிக்குள் கரி வடிகட்டியும் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வாசனைப் பொருள்களையும் பெயின்ட் ஆவியையும் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துப் பிடிக்கிறது. எளிதில் திரவமாகக்கூடிய ஆவிகள்தான் அப்படி நன்றாக ஒட்டும். கார்பன் மோனாக்சைடோ மைனஸ் 191 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் திரவமாகும். அறை வெப்பநிலையில் அது கரியில் நிலைத்து ஒட்டுவதில்லை. மாங்கனீசு, தாமிர ஆக்சைடுகளின் கலவையான ஹாப்கலைட் என்ற வினையூக்கி அதைக் கரியமில வாயுவாக மாற்றும். சுரங்கத் தொழிலாளர்களின் தப்பிக்கும் முகமூடிகளில் அது உண்டு. ஆனால் ஈரம் பட்டால் அது செயலிழந்துவிடும். வீட்டுக் கருவிகளில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

அளவு எப்படிக் கூடுகிறது என்று நம் 48 கன மீட்டர் அறையிலேயே பார்ப்போம். எரிந்த கரியில் 20 கிராம் கார்பன் மட்டும் மோனாக்சைடாக மாறியது என்று கொண்டால், 47 கிராம் வாயு உண்டாகும். காற்று வெளியேற வழியே இல்லையென்றால் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 850 பங்கு. பத்து லட்சத்தில் 400 பங்கு இருந்தாலே, எச்சரிக்கைக் கருவி நான்கு முதல் பதினைந்து நிமிடங்களுக்குள் அலற வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. அடுப்பில் போடும் இரண்டு கைப்பிடிக் கரியில் 20 கிராமைவிடப் பல மடங்கு கார்பன் இருக்கும்.

இங்கே சுத்திகரிப்பான் உதவாமல் இருப்பதோடு நிற்பதில்லை. கண்ணைக் கரிக்கும் புகையையும் நெடியில் ஒரு பகுதியையும் அது நீக்கிவிடுகிறது. மோனாக்சைடுக்கோ நிறமும் மணமும் இல்லை. எழுந்து ஜன்னலைத் திறக்கத் தூண்டியிருக்கக்கூடிய எரிச்சல் போய்விடுகிறது, வாயு மட்டும் மிஞ்சுகிறது. முகப்பில் தெரியும் எண், லேசர் ஒளியைத் துகள்கள் சிதறடிப்பதைக் கொண்டு கணிக்கப்படுவது. அதற்கு வாயு கண்ணில் படாது.

ஆகவே கரியடுப்பு, ஜெனரேட்டர், புகைபோக்கியில்லாத கேஸ் ஹீட்டர் ஆகியவை உறங்கும் அறைக்குள் வரக் கூடாது. வெப்பத்துக்கு மின் ஹீட்டர் இருக்கட்டும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதன் புகைக்குழாய் வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி அதற்கு மாற்றாகாது. மோனாக்சைடு கருவியின் உணரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும் என்பதால் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் ஒலி, மணியும் மின்சுற்றும் வேலை செய்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது.

அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, காய்ச்சல் இல்லாமல், வெளியே போனால் குறைகிறதென்றால், உடனே எல்லோரும் வெளியேறிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, 98 காட்டுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் என்றே அது எண்ணிவிடுகிறது. எனவே அறையில் கரி எரிந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அவர் இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார்.