வாரம் எப்போது தொடங்குகிறது? பிரிட்டனில் படித்துக்கொண்டே வேலை பார்க்க

பிரிட்டனுக்கு முதுகலை படிக்க வந்து இறங்கியதும் எல்லோரும் சொல்வது, "வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்". அந்த வாரம் எது என்று யாரும் சொல்வதில்லை. மாணவர் விசாவைப் பொறுத்தவரை வாரம் என்பது திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும் ஏழு நாள். சராசரிக் கணக்கு கிடையாது. போன வாரம் 12 மணி நேரம்தான் பார்த்தேன், இந்த வாரம் 28 பார்க்கிறேன் என்றால் அது விதிமீறல்தான். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது நைட் ஷிஃப்டில். லெஸ்டரில் படித்தபோது நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். ஒரு வாரம் ரோட்டாவில், அதாவது ஷிஃப்ட் அட்டவணையில், எனக்கு வெள்ளி, சனி இரவுகள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, இரண்டும் சேர்த்து 16 மணி நேரம். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறு இரவும் எனக்கு ஷிஃப்ட் இருந்தது. அதில் இரண்டு மணி நேரம்தான் பழைய வாரத்தைச் சேரும், திங்கள் விடிகாலையின் ஆறு மணி நேரம் புது வாரத்துக்கு வந்துவிடும். ஆக மொத்தம் 22. மேனேஜரிடம் சொன்னபோது, "ரோட்டாவில் 16 என்றுதானே இருக்கிறது?" என்றார். அவர் ஷிஃப்ட் தொடங்கும் நாளை வைத்துக் கணக்குப் பார்க்கிறார், அது அவருக்குச் சரி. விசா என்னுடையது. சனி இரவை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து சின்ன நோட்டில் நாள்வாரியாக, நள்ளிரவில் பிரித்து, மணிக்கணக்கை எழுதத் தொடங்கினேன். அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்றைய நைட் ஷிஃப்ட் எட்டு அல்ல, ஒன்பது மணி நேரம்! அதையும் எழுதி வையுங்கள். மாற்றுக்கு வர வேண்டியவர் தாமதமானால் அரை மணி, முக்கால் மணி என்று நீளும். அதனால் திட்டத்தில் 16 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

16 என்று சொல்வதற்குப் படிப்பும் ஒரு காரணம். இங்கே ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்று கணக்கு. முதுகலைக்கு 180 கிரெடிட். ஒரு டேர்மில் 20 கிரெடிட் பாடம், அதாவது மாட்யூல், மூன்று எடுத்தால் 600 மணி நேரம். வகுப்பு நடக்கும் 12 வாரத்தோடு அசைன்மென்ட் எழுதும் மூன்று வாரத்தையும் சேர்த்தாலும் வாரத்துக்கு 40 மணி நேரம். வாரத்தில் பத்து மணி நேரம்தான் வகுப்பு என்று அட்டவணையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மீதி எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து நீங்களே படிக்க வேண்டியது.

அசைன்மென்ட் தேதிகள் பெரும்பாலும் மாட்யூல் கையேட்டில் முதல் வாரமே இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எனக்கு 3,000 சொல் கட்டுரைகள் இரண்டு ஒரே வாரத்தில் வந்தன, வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று. ஒன்றுக்குப் படித்துக் குறிப்பெடுக்க 12 மணி நேரம், எழுத 10, திருத்தி மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க 5. இரண்டுக்கும் 54. வகுப்பும் வேலையும் போக எனக்கு இதற்கென்று வாரத்தில் 18 மணி நேரம்தான் மிஞ்சியது. அப்படியானால் மூன்று முழு வாரம் வேண்டும். கடைசி வாரத்துக்கென்று பாக்கி வைத்தால் கதை முடிந்தது.

எங்கள் இல்லத்தில் ரோட்டா நான்கு வாரம் முன்னால் வரும். அது வருவதற்குள் மேனேஜரிடம் தேதிகளைக் கொடுத்து, அந்த வாரம் ஷிஃப்ட் வேண்டாம் என்று கேட்டுவிட்டேன். வந்தபிறகு கேட்டால் கெஞ்ச வேண்டியிருக்கும். இன்னொன்று, எந்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதைப் பாருங்கள். நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டிருப்போம், கையேட்டில் மதியம் 12 மணி என்று இருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்தால் மணி இரண்டு! தாமதமாகக் கொடுத்தால் மதிப்பெண் குறையும், எவ்வளவு என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். உடல்நிலை சரியில்லை என்றால் ஆவணத்தோடு அவகாசம் கேட்கலாம். "வேலைக்குப் போயிருந்தேன்" என்ற காரணம் பொதுவாக எடுபடாது.

கடைசியாகக் கோடை. இளங்கலைத் தம்பி தங்கைகள் ஜூன் வந்ததும் முழுநேர வேலைக்குப் போவார்கள். 20 மணி நேரக் கட்டுப்பாடு டேர்ம் நடக்கும்போதுதான், அவர்களுக்கு அது விடுமுறை. வகுப்பு முடிந்து ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் முதுகலை மாணவருக்குப் பொதுவாக அது டேர்ம்தான், 20 மணி நேரக் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். உங்கள் டேர்ம் தேதிகளைக் காட்டும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் வாங்கி, வேலை கொடுப்பவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.