எடை குறைந்தால் ரத்த அழுத்தம் எவ்வளவு குறையும்? நாற்காலி வேலை பார்ப்பவர்கள் செய்யும் கணக்குப் பிழைகள்

"பத்து கிலோ குறைத்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம்" என்று அலுவலகக் கேன்டீனில் ஒருவர் உறுதியாகச் சொல்வார். "ஆறு கிலோ குறைத்தேன், பிரஷர் அப்படியேதான் இருக்கிறது" என்று அடுத்த மேசைக்காரர் சலித்துக்கொள்வார். இருவருக்கும் தெரியாமல் போனது ஒரே ஓர் எண்தான். 25 மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2003இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, உடல் எடை ஒரு கிலோ குறையும்போது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக ஒரு புள்ளியும் கீழ் அளவு ஏறத்தாழ அதே அளவும் இறங்குகின்றன. புள்ளி என்று இங்கே சொல்வது பிபி கருவி காட்டும் பாதரச மில்லிமீட்டரை. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் சராசரியாக 5 கிலோ குறைத்திருந்தார்கள். அவர்களுடைய மேல் அளவு 4.4 புள்ளியும் கீழ் அளவு 3.6 புள்ளியும் குறைந்திருந்தன.

இது சராசரி என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிலருக்கு ஒரு கிலோவுக்கு இரண்டு புள்ளி இறங்கும், சிலருக்கு அரைப் புள்ளிகூட இறங்காது. குறிப்பாக வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகங்களை அழுத்தி, உடலில் உப்பையும் நீரையும் தேங்க வைக்கிறது. ரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புத் தூண்டுதலையும் கூட்டுகிறது. ஆகவே எடைக்கருவியைப் போலவே இடுப்பு அளவு நாடாவும் பயன்படும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டருக்கும் பெண் என்றால் 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது.

ஒருவருடைய கணக்கு

சென்னையில் கணக்குப் பிரிவில் பணிபுரியும் 45 வயது ஆண் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உயரம் 167 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. வீட்டில் ஒரு வாரம் முறையாக அளந்து எடுத்த சராசரி 146/92. வீட்டு அளவீட்டில் 135/85ஐத் தாண்டினால் அது உயர் ரத்த அழுத்தம். ஆறு மாதத்தில் ஆறு கிலோ குறைப்பது அவருடைய இலக்கு. அதை முழுமையாக அடைந்தாலும், எடையினால் மட்டும் அவர் எதிர்பார்க்கக்கூடியது 140க்குப் பக்கத்தில் ஓர் எண். அதாவது எல்லைக்கோட்டுக்கு இன்னும் சற்று மேலே.

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளாததுதான் முதல் தவறு. போட்டிருந்தால், உப்பும் நடையும் மாத்திரையும் ஏன் பேச்சில் வருகின்றன என்பது புரிந்திருக்கும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளொன்றுக்கு 4 கிராமுக்குச் சற்று அதிகமாக உப்பைக் குறைத்தபோது, மேல் அளவு சராசரியாக 5 புள்ளி இறங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பைப் பரிந்துரைக்கிறது. நம் சாப்பாட்டில் குழம்பிலும் பொரியலிலும் இருப்பதே அந்த அளவை நெருங்கிவிடும். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்பளமும் அதற்கு மேல் ஏறுபவை. எடைக் குறைப்பின் பலனையும் உப்புக் குறைப்பின் பலனையும் அப்படியே கூட்டிவிட முடியாது, ஒன்றின் பலனில் மற்றொன்று ஓரளவு அடங்கிவிடும். ஆனாலும் நம் கணக்காளர் இரண்டையும் சேர்த்துச் செய்தால் 137, 138 என்ற எண்களை எதிர்பார்ப்பது நியாயம்.

ஒரே ஒரு அளவை நம்புவது

என் கருத்தில் மிக அதிகமானோரைச் சோர்வடையச் செய்யும் தவறு இதுதான். ஒரே மனிதரின் ரத்த அழுத்தம் ஒரே நாளில் 10 புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். நாம் தேடும் மாற்றமோ ஐந்தாறு புள்ளி. மாதத்துக்கு ஒரு முறை மருந்துக்கடையில் நின்றபடி கையை நீட்டி அளந்தால், ஆறு கிலோவின் உழைப்பு அந்த ஏற்ற இறக்கத்துக்குள் காணாமல் போய்விடும். சில சமயம் எடை குறைந்தும் எண் கூடியதாகத் தோன்றும்.

கருவியின் பட்டையும் ஏமாற்றும். வீட்டுக் கருவிகளோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கை வரைக்கும்தான் பொருந்தும். அதைவிடப் பருத்த கையில் அதைக் கட்டினால் மேல் அளவு ஐந்து புள்ளி அளவுக்குக் கூடுதலாகக் காட்டக்கூடும், இன்னும் பெரிய கையானால் பிழையும் பெரிதாகும். ஐந்து கிலோ குறைத்துப் பெறும் பலன் முழுவதும் ஒரு தவறான பட்டைக்குள் அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அளக்கும் முறை இது: அதற்கு முந்திய அரை மணி நேரம் காபி, டீ, புகை கிடையாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரு பாதங்களும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். தொங்கவிட்டால் எண் கூடும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதி, ஏழு நாள் தொடர்ந்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு வாரம் அளந்தால் போதும். தினமும் பதற்றத்தோடு அளப்பதைவிட இது மேல்.

நடையை எடைக்கருவியால் எடைபோடுவது

மாலை அரை மணி நேரம் வேகமாக நடந்தால், 82 கிலோ எடையுள்ளவருக்கு, சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 100 முதல் 135 கலோரி. அதற்குப் பின் தெருமுனைக் கடையில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். இரண்டு மாதம் நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று பலர் நடையை நிறுத்திவிடுகிறார்கள். இது இரட்டைத் தவறு. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் தொடர்ந்து நடப்பது, எடை குறையாவிட்டாலும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் மேல் அளவை ஐந்து புள்ளி அளவுக்கு இறக்கவல்லது. நடை ரத்த அழுத்தத்துக்கு. எடை பெரும்பாலும் தட்டில்தான் குறைகிறது.

ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்று கொண்டால், ஆறு மாதத்தில் ஆறு கிலோவுக்கு நாளுக்கு 250 கலோரி குறைய வேண்டும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால், நடைமுறையில் 350 முதல் 400 வரை குறைத்தால்தான் அது கைகூடும். நம் கணக்காளரின் நாளைப் பார்ப்போம். இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு நான்கு டீ. ஒன்றுக்கு 80 கலோரிக்கு மேல். நாலரை மணிக்கு யாராவது வாங்கிவரும் பஜ்ஜி அல்லது வடை இரண்டு. மதியம் டிபன் பாக்ஸ் நிறைய சோறு. டீயை இரண்டாக்கி அவற்றிலும் சர்க்கரையை ஒரு கரண்டியாக்கினால் 200 கலோரி அளவு மிச்சம். வாரத்தில் ஐந்து நாள் வரும் பஜ்ஜியை ஒரு நாளாக்கி, மற்ற நாட்களில் வீட்டிலிருந்து ஒரு சிறு டப்பா சுண்டலோ கொய்யாவோ கொண்டுபோனால் இன்னும் நூறு. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலைக் கூட்டினால் ஏறக்குறைய எண்பது. சோற்றை அறவே விட்டுவிட்டு இரவில் பசி தாங்காமல் மூன்று பரோட்டா சாப்பிடுவதைவிட இது நிலைக்கும்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது என்று மகிழ்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் பெரும்பகுதி நீர். பட்டினி கிடந்து அப்படிக் குறையும் நாட்களில் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் இரண்டும் சேர்ந்தே ஏறும். ஆகவே எடை இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்ற பிறகு எடுக்கும் வாரச் சராசரியே நம்பத் தகுந்தது.

மாத்திரையைத் தாமே நிறுத்துவது

சராசரி 128க்கு வந்துவிட்டது என்று பார்த்தவுடன் மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. அந்த 128 மாத்திரையும் எடைக் குறைப்பும் சேர்ந்து கொடுத்த எண். சில வகை மாத்திரைகளை, குறிப்பாக இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களை, திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதற்கு எதிரான தவறும் உண்டு: எடை குறைந்துகொண்டே வரும்போது, நாற்காலியிலிருந்து எழும்போது தலை சுற்றுவதைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடுவது. மாத்திரையின் அளவு இப்போது அதிகமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். இரண்டு நிலையிலும் வாரச் சராசரிகள் எழுதிய தாளோடு மருத்துவரிடம் செல்வதே வழி.

எடை குறைந்தும் எண் அசையவில்லை என்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் அடிக்கடி விழுங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. மேசையில் குனிந்தே வேலை பார்ப்பவர்களிடம் இதை நான் முதலில் கேட்பேன். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், பகலில் கண் சொக்குவதும் இருந்தால் தூக்க மூச்சுத்தடையைச் சோதிக்க வேண்டும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைத் தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் டெல்மிசார்டான், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம்.

ஆறாவது மாதத்தோடு முடித்துக்கொள்வது

குறைத்த எடையைக் காக்காவிட்டால் பலனும் நிலைக்காது என்பதை 1990களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு தெளிவாகக் காட்டியது. எடைக் குறைப்புக் குழுவினர் ஆறு மாதத்தில் சராசரியாக 4.4 கிலோ குறைத்தார்கள். பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிட்டால் மேல் அளவு 3.7 புள்ளி இறங்கியது. மூன்றாம் ஆண்டு முடிவில் அவர்கள் தொடக்க எடையைவிட வெறும் 200 கிராம்தான் குறைவாக இருந்தார்கள். ரத்த அழுத்தத்தில் எஞ்சிய பலன் 1.3 புள்ளி. ஆனால் முதல் ஆறு மாதத்தில் நாலரைக் கிலோவோ அதற்கு மேலோ குறைத்து, மூன்று ஆண்டுகளும் அதைக் காத்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 65 விழுக்காடு குறைந்திருந்தது.

நம் கணக்காளர் 76 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று கொள்வோம். தீபாவளியும் இரண்டு திருமண விருந்துகளும் முடிந்தால் 77 ஆவது இயல்பு, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் எடை பார்த்துச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதி வைத்து, 78ஐத் தொட்ட வாரத்திலேயே பஜ்ஜிக்கும் மூன்றாவது டீக்கும் மறுபடி தடை போட்டால், இரண்டு மூன்று மாதங்களில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். 81 ஆகும்வரை பார்க்காமல் இருந்தால், ஆறு மாத வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.