தேங்காய்ப்பால் கறிக்குக் கலோரிக் கணக்கு: ஒரு சட்டி பருப்பை வைத்துப் படிப்படியாக

தம்பி உடம்பைக் குறைக்க ஜிம்முக்குப் போகத் தொடங்கியபோது வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையல் அப்படியே தொடர்ந்தது. சோற்றை நிறுத்துப் போட்டுக்கொள்வான். கறியை மட்டும் 'ஒரு அகப்பை' என்று செயலியில் எழுதுவான். மூன்று வாரமாகியும் எடை அசையவில்லை. கணக்கு விட்டுப்போன இடம் கறிச்சட்டிதான்.

அந்தக் கணக்கை எப்படிச் செய்வதென்று நாங்கள் அடிக்கடி வைக்கும் மைசூர்ப் பருப்புக் கறியைக் கொண்டு காட்டுகிறேன். ஒரு டிஜிட்டல் தராசும் ஒரு கொப்பியும் போதும்.

படி 1: வெறும் சட்டியை நிறுங்கள்

சமைக்கும் சட்டியை மூடி இல்லாமல் நிறுத்து, அந்த எடையைக் கொப்பியில் எழுதுங்கள். எங்கள் சட்டி 640 கிராம். சமைத்து முடிந்தபின் கறியின் எடையைத் தெரிந்துகொள்ள இது வேண்டும். சமைத்த பிறகு வெறும் சட்டியை நிறுக்க வழியில்லை.

படி 2: தேங்காய்ப்பூவை நிறுங்கள், பாலை அல்ல

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். செயலியில் 'தேங்காய்ப்பால்' என்று தேடினால் 100 மில்லிலிட்டருக்கு 20 கலோரி என்றும் வரும், 230 கலோரி என்றும் வரும். முதலாவது பெட்டியில் விற்கும், பெரும்பாலும் தண்ணீராலான பானம். இரண்டாவது கெட்டியாகப் பிழிந்த பால். நம் வீட்டுப் பால் இரண்டிலும் சேராது, ஏனென்றால் ஒருவர் ஒரு கப் தண்ணீர் விட்டுப் பிழிவார், இன்னொருவர் மூன்று கப் விடுவார். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கலோரி வருவது தேங்காயிலிருந்துதான். அதனால் துருவிய பூவையே நிறுங்கள்.

பச்சைத் தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. நாங்கள் எடுத்தது 150 கிராம், ஆகவே 50 கிராம் கொழுப்பு. முதற்பாலும் கப்பிப்பாலும் கையால் பிழிந்தால் அது முழுவதும் வந்துவிடாது. சக்கையில் நல்ல பங்கு தங்கிவிடும். கையால் பிழிந்தால் 60 வீதம், மிக்ஸியில் அடித்துப் பிழிந்தால் 70 வீதம் பாலுக்கு வருகிறது என்று நான் கணக்கெடுக்கிறேன். அப்படியானால் எங்கள் பாலில் 30 கிராம் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, எனவே 270. பாலோடு வரும் சிறிதளவு சர்க்கரைக்கும் புரதத்துக்கும் 20 சேர்த்து 290 என்று எழுதினோம்.

இந்த 60 வீதம் ஒரு மதிப்பீடுதான். 50 வீதமே வந்திருந்தாலும் 70 வீதம் வந்திருந்தாலும் முழுச் சட்டிக்கும் 45 கலோரிதான் கூடும் அல்லது குறையும். ஒருவர் தட்டுக்கு வரும்போது அது ஐந்தாறு கலோரி. இதற்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

சம்பலுக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது. அங்கே பூவையே சாப்பிடுகிறோம், அதனால் 100 கிராம் பூவுக்கு 350 கலோரியும் முழுதாகச் சேரும். தேங்காய்ப்பால் மாப் பக்கெட் பாவிப்பவர்கள் பின்பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். அதில் இருப்பது 100 கிராம் மாவுக்கான அளவு, கரைத்த பாலுக்கு அல்ல. போட்ட மாவை நிறுத்துப் பெருக்குங்கள்.

படி 3: எண்ணெய்ப் போத்தலை முன்னும் பின்னும் நிறுங்கள்

தாளிதத்துக்கு அம்மா கரண்டி எடுப்பதில்லை, போத்தலிலிருந்து நேராகத் தாச்சிக்குள் ஊற்றுவார். அவர் கையைத் தடுக்காமலே கணக்கெடுக்கலாம். ஊற்றுவதற்கு முன் போத்தல் 612 கிராம். கடுகு வெடித்து, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் வெங்காயமும் வதங்கிக்கொண்டிருந்தபோது மறுபடி நிறுத்தேன், 584 கிராம். வித்தியாசம் 28 கிராம் தேங்காய் எண்ணெய், அதாவது சுமார் 250 கலோரி. "ரெண்டு தேக்கரண்டிதானே விட்டேன்" என்றார் அம்மா. இரண்டு தேக்கரண்டி என்றால் 9 கிராம்தான் வந்திருக்கும்.

சூட்டில் எண்ணெய் ஆவியாகிக் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாளிக்கும் சூட்டில் ஆவியாவது வெங்காயத்தின் தண்ணீர், எண்ணெய் அப்படியே இருக்கிறது. தாச்சியில் ஒட்டிய எண்ணெயையும் ஒரு அகப்பைப் பருப்பு விட்டு அலசிச் சட்டிக்குள்ளேயே ஊற்றிவிடுகிறோம், அதனால் கழிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. பால்கறி கூடக் கொதித்தால் பால் திரிந்து மேலே எண்ணெய் மிதக்கும். அது படி 2 இல் ஏற்கனவே எழுதிய கொழுப்புத்தான், மறுபடி எழுத வேண்டாம்.

படி 4: கூட்டி, முடிந்த கறியின் எடையால் வகுங்கள்

காய்ந்த பருப்பு 200 கிராம், 700 கலோரி. தேங்காய்ப்பால் 290. எண்ணெய் 250. வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 1280.

சட்டியை ஒரு பலகைமேல் வைத்துச் சற்று ஆறவிட்டு நிறுத்தோம்: 1820 கிராம். சட்டியின் 640 ஐக் கழித்தால் கறி 1180 கிராம். 1280 ஐ 1180 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால், 100 கிராம் கறிக்கு 108 கலோரி. தம்பி தட்டில் போட்டுக்கொண்டது 150 கிராம், அதற்கு ஏறக்குறைய 163. அவன் செயலியில் அவித்த பருப்பு என்று பதிந்திருந்தது 90.

பரிமாறுவதற்கு முன் அடிவரை கிளறிவிடுங்கள். தாளிதம் மேலேதான் நிற்கும். முதல் அகப்பையை மேலோடு எடுப்பவருக்கு எண்ணெய் கூடவும், கடைசியாக எடுப்பவருக்குக் குறையவும் போகும். கிளறாத சட்டியில் 108 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை.

பொரித்துப் போடும் கறி

பருப்பில் எண்ணெய் நிறையக் கறிக்குள் பரவிவிடுகிறது. கத்தரிக்காய் அப்படியல்ல. பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். எண்ணெயோடு தாச்சியைப் பொரிக்க முன் நிறுங்கள், பொரித்த துண்டுகளை அள்ளியபின் ஆறவிட்டு மறுபடி நிறுங்கள். நாங்கள் 300 கிராம் கத்தரிக்காய் பொரித்தபோது 80 கிராம் எண்ணெய் குறைந்திருந்தது, அதாவது 700 கலோரிக்கு மேல். அந்தக் கத்தரிக்காய்க்கோ 75 கலோரிதான். பால் ஊற்றும் முன்னமே கணக்கு இங்கே வந்து நின்றது. அதே துண்டுகளுக்கு 15 கிராம் எண்ணெயைப் பிசறி ஓவனில் வாட்டியபோது பால்கறியில் ருசி கொஞ்சம் மாறியது உண்மை, ஆனால் தம்பி அதையே இப்போது கேட்கிறான்.

அடுத்த நாள் மிச்சக் கறி

இரவு 700 கிராம் பருப்பு மிஞ்சினால் அதில் 756 கலோரி இருக்கிறது. காலையில் சூடாக்கும்போது தண்ணீர் வற்றி அது 640 கிராமாகிவிட்டால் 100 கிராமுக்கு 108 அல்ல, 118. சுடுதண்ணீர் விட்டு இளக்கினால் எண் மறுபடி இறங்கும். கூட்டல் எதையும் திரும்பச் செய்யத் தேவையில்லை. சூடாக்கியபின் சட்டியை ஒருமுறை நிறுத்து, மிஞ்சிய கலோரியைப் புதிய எடையால் வகுத்தால் சரி.