புதிய தொலைக்காட்சியில் படம் வரவில்லையா? சாதனங்களை அணைத்து ஏற்ற வேண்டிய வரிசை

பழைய தொலைக்காட்சியைக் கழற்றிவிட்டு வேறு மாடல் ஒன்றைப் பொருத்தி, அதே செட்-டாப் பாக்ஸையும் அதே கேபிளையும் இணைத்த பிறகு, திரை கருப்பாகவே இருப்பதும், சில வேளைகளில் ஒலி மட்டும் கேட்பதும் பலரும் சந்திக்கும் தொல்லைதான். தொலைக்காட்சி பழுதானது என்று முடிவு கட்டுவதற்கு முன்பு, சாதனங்களைச் சரியான வரிசையில் அணைத்து ஏற்றிப் பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடங்கள் போதும்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்வோம். எச்டிஎம்ஐ கேபிளை இணைத்தவுடனே படம் பாய்ந்து வந்துவிடுவதில்லை. எந்தெந்த ரெசல்யூஷன், எந்தெந்த ஒலி வடிவம் தன்னால் ஏற்க முடியும் என்ற விவரங்களைத் தொலைக்காட்சி ஒரு சிறு குறிப்பாக வைத்திருக்கிறது. இடிஐடி எனப்படும் இந்தக் குறிப்பு பல தொலைக்காட்சிகளில் வெறும் 256 பைட் அளவுதான். செட்-டாப் பாக்ஸ் அதைப் படித்துவிட்டு, அதற்கேற்ற வடிவில் படத்தை அனுப்புகிறது. அடுத்ததாக, நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டுக்கான சாவிகளை இரண்டும் சரிபார்த்துக்கொள்கின்றன. இந்த முழு உரையாடலைத்தான் ஹேண்ட்ஷேக் என்கிறார்கள்.

தொலைக்காட்சி மாறியதும் பாக்ஸ் புதிய குறிப்பைப் படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ரிமோட்டில் அணைக்கப்பட்ட பாக்ஸ் உண்மையில் அணைவதில்லை. ஸ்டாண்ட்பை நிலையில் விழித்தேதான் இருக்கிறது, பழைய குறிப்பையும் நினைவில் வைத்திருக்கக்கூடும். நடுவில் சவுண்ட்பாரோ ஏவி ரிசீவரோ இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். தொலைக்காட்சியின் குறிப்பைத் தானும் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, பாக்ஸ் கேட்கும்போது அந்தப் பழைய படியையே எடுத்து நீட்டும் வழக்கம் இத்தகைய இடைச் சாதனங்கள் சிலவற்றுக்கு உண்டு.

என் வீட்டில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 4K தொலைக்காட்சி பழுதுக்குப் போனதால், அதன் இடத்தில் ஒரு ஃபுல் எச்டி தொலைக்காட்சியை வைத்தேன். பாக்ஸ் சவுண்ட்பாருக்கும், சவுண்ட்பார் தொலைக்காட்சிக்கும் இணைக்கப்பட்டிருந்தன. செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்டது. திரையிலோ No Signal என்ற வரி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. ரிமோட்டால் எல்லாவற்றையும் அணைத்து ஏற்றினேன், பலனில்லை. தொலைக்காட்சியின் பிளக்கை மட்டும் கழற்றி மாட்டினேன், அப்போதும் பலனில்லை. கீழே உள்ள வரிசையைப் பின்பற்றிய பிறகுதான் படம் வந்தது.

1. பாக்ஸை முதலில் அணையுங்கள். பதிவு வசதிக்காக ஹார்ட் டிஸ்க் உள்ள பாக்ஸ் என்றால், முதலில் ரிமோட்டால் ஸ்டாண்ட்பைக்குக் கொண்டுபோய், வட்டின் சுழலும் ஓசை அடங்கிய பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். ஹேண்ட்ஷேக்கில் கேள்வி கேட்கும் தரப்பு பாக்ஸ்தான் என்பதால் அதை முதலில் அணைக்கிறோம். அது விழித்திருக்கும்போது தொலைக்காட்சியை அணைத்தால், இணைப்பு போய்விட்டதென்று எண்ணி அது அரைகுறையாக மறுபடியும் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

2. அடுத்து சவுண்ட்பார் அல்லது ரிசீவர், கடைசியாகத் தொலைக்காட்சி. இவற்றையும் சுவர் சுவிட்சிலேயே அணைக்க வேண்டும். முகப்பில் சிறு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்தச் சாதனம் இன்னும் அணையவில்லை என்று பொருள். உண்மையைச் சொன்னால், அணைக்கும் வரிசையைவிட முக்கியமானது மூன்றும் ஒரே சமயத்தில் மின்சாரமின்றி இருப்பதுதான். ஒன்றை அணைத்து, ஏற்றிவிட்டு, பிறகு அடுத்ததற்குப் போவதால் எந்தப் பயனும் இல்லை.

3. எச்டிஎம்ஐ கேபிள்களை இரு முனைகளிலும் கழற்றுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். எச்டிஎம்ஐ கேபிளில் ஓர் இழை வழியாக, அனுப்பும் சாதனம் 5 வோல்ட் மின்சாரத்தைத் தருகிறது. தொலைக்காட்சியின் மின்சாரம் நின்றிருந்தாலும் அந்த 5 வோல்ட்டைக் கொண்டே அதன் குறிப்பைப் படித்துவிட முடியும். எங்காவது ஒரு சாதனத்தை அணைக்கத் தவறியிருந்தாலும், கேபிளைக் கழற்றிவிட்டால் இந்தத் தொடர்பு முற்றிலும் அறுந்துவிடும். எந்த கேபிள் எந்தத் துளையில் இருந்தது என்பதை முன்னதாகக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, சவுண்ட்பாரிலிருந்து வரும் கேபிள் தொலைக்காட்சியில் ARC என்று எழுதப்பட்ட துளைக்கே திரும்ப வேண்டும்.

4. ஐந்து நிமிடம் காத்திருங்கள். பவர் சப்ளையில் உள்ள மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்கான நேரம் இது. பத்து நொடியில் திரும்ப ஏற்றினால் பாக்ஸின் நினைவு அழியாமலே இருக்கக்கூடும்.

5. கேபிள்களை மாட்டிய பிறகு, தொலைக்காட்சியை மட்டும் ஏற்றுங்கள். அது முழுமையாக எழுந்து, முகப்புத் திரை தோன்றிய பிறகு, ரிமோட்டில் உரிய எச்டிஎம்ஐ உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது No Signal என்று வருவது சரியே. அடுத்து சவுண்ட்பாரை ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். புதிய குறிப்பை அது படித்துக்கொள்ளும். கடைசியாகத்தான் பாக்ஸ். அது கேள்வி கேட்கும் நேரத்தில், பதில் சொல்ல வேண்டியவை எல்லாம் விழித்து, சரியான உள்ளீட்டில் தயாராக இருக்கும்.

படம் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாமல், பாக்ஸின் அமைப்புகளில் திரை ரெசல்யூஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். என் பாக்ஸில் முன்பு 4K-யைக் குறிக்கும் 2160p வரை இருந்த பட்டியல், இப்போது ஃபுல் எச்டியைக் குறிக்கும் 1080p-யோடு நின்றிருந்தது. புதிய தொலைக்காட்சியின் குறிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்த முறையால் தீராத நிலைகளும் உண்டு. பழைய தொலைக்காட்சி இருந்தபோது நீங்களே பாக்ஸில் 2160p என்று நிலையாகத் தேர்ந்தெடுத்திருந்தால், அது அமைப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது. அப்போது, 4K ஏற்கும் வேறொரு திரையில் பாக்ஸைத் தற்காலிகமாக இணைத்து, ரெசல்யூஷனை Auto என்று மாற்ற வேண்டும். பழைய தொலைக்காட்சி இன்னும் வேலை செய்கிறது என்றால், அதைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

மெனு எல்லாம் நன்றாகத் தெரிந்து, படத்தை ஓடவிட்டதும் திரை கருத்துப்போனால், குறிப்பில் அல்ல, எச்டிசிபி பூட்டில்தான் சந்தேகம் கொள்ள வேண்டும். பாதுகாக்கப்பட்ட 4K காட்சிகளுக்குப் பொதுவாக எச்டிசிபி 2.2 தேவைப்படுகிறது, நடுவில் உள்ள பழைய சவுண்ட்பாருக்கு அது தெரியாதென்றால், எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. இதைக் கண்டறிய, சவுண்ட்பாரை விலக்கிவிட்டு, பாக்ஸை நேரடியாகத் தொலைக்காட்சியில் இணைத்து இதே வரிசையை மீண்டும் செய்யுங்கள். நேரடி இணைப்பில் காட்சி ஓடினால், பாக்ஸை அப்படியே தொலைக்காட்சியில் விட்டுவிட்டு, சவுண்ட்பாருக்கு ஒலியை மட்டும் ARC துளை வழியாக அனுப்பலாம். நேரடி இணைப்பிலும் ஓடாவிட்டால், கேபிளை மாற்றியும் வேறு எச்டிஎம்ஐ துளையில் மாட்டியும் பாருங்கள். சில 4K தொலைக்காட்சிகளில் எல்லாத் துளைகளும் ஒரே திறன் கொண்டவை அல்ல.