அரிச்சல்முனை விடியல் கிளிப்: வானத்தில் வரி, கொடியில் பிசிறு, கடலில் கட்டம்

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் எடுத்த விடியல் கிளிப், கேமரா திரையில் பளிச்சென்று இருக்கும். கலர் கிரேடிங்கில் ஆரஞ்சைக் கொஞ்சம் தூக்கியதும் வானம் படிக்கட்டு போல வரிவரியாகும். வல்லத்தில் கட்டிய சிவப்புக் கொடியின் ஓரம் பிசிறடிக்கும். கடலில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் மிதக்கும். மூன்றும் ஒன்றாக வருவதால் "கேமரா சரியில்லை" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் வரிக்குக் காரணம் பிட் டெப்த், பிசிறுக்குக் காரணம் குரோமா சப்சாம்பிளிங், கட்டத்துக்குக் காரணம் கோடெக்கின் சுருக்கம். எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் சரிசெய்யவும் முடியும்.

1. முதலில் ஃபைலைக் கேளுங்கள்

கிளிப்பின் பெயரை வைத்து எதுவும் தெரியாது. `.MP4`, `.MOV` இரண்டும் வெறும் டப்பாதான். உள்ளே இருப்பதைப் பார்க்க, ffmpeg என்ற இலவச வீடியோ கருவியுடன் கூடவே வரும் ffprobe போதும்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=codec_name,pix_fmt,bit_rate -of default=nw=1 C0012.MP4
```

`pix_fmt` வரியைக் கவனியுங்கள். `yuv420p` என்றால் 4:2:0, 8 பிட். `yuv422p10le` என்றால் 4:2:2, 10 பிட். `yuv420p10le` என்று வந்தால் வானம் தப்பிக்கும், கொடி தப்பிக்காது. ஏன் என்று இனி பார்ப்போம்.

2. வானம்: பிட் டெப்த்

8 பிட்டில் ஒரு பிக்சலின் வெளிச்சத்தைச் சொல்ல 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. சாதாரண காட்சிக்கு 256 போதும். சிக்கல், கிரேடிங்குக்காகக் காட்சியைத் தட்டையாகப் பதியும் லாக் முறையில் 8 பிட்டில் எடுக்கும்போது வருகிறது. சோனி கேமராக்களின் லாக் வகையான S-Log3-இல் 10 பிட் கணக்கில் கறுப்பு 95-இலும், 90 சதவீத வெள்ளை 598-இலும் உட்காரும். அதையே 8 பிட்டாக்கினால் ஏறக்குறைய 24 முதல் 150 வரை. அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைத் தாள் வரை வெறும் 126 படிகள். மிச்சமெல்லாம் சூரியன் போன்ற அதிவெளிச்சத்துக்கு ஒதுக்கியது.

இப்போது நம் கிளிப். 1080 வரிகளில் வானம் 700 வரி என்று வையுங்கள். அடிவானத்தில் மதிப்பு 130, மேலே போகப்போக 90. நாற்பது படிகளை 700 வரியில் பரப்பினால், 17 வரிக்கு ஒரே நிறம். லாக்கை விரித்து, கான்ட்ராஸ்ட்டும் ஏற்றும்போது ஒரு படி மூன்று படி உயரமாகிறது. 17 வரி அகலப் பட்டை, பக்கத்தில் மூன்று படி உயரத்தில் அடுத்த பட்டை: கண்ணுக்கு அப்படியே தெரியும். அதே வானம் 10 பிட்டில் 160 படி. பட்டை நான்கு வரிதான், அதே அளவு இழுத்தாலும் தாவல் ஒரு 8 பிட் படியைக்கூடத் தொடாது.

உறுதிப்படுத்த, வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மைத் திறந்து வானத்தைப் பாருங்கள். தனித்தனிக் கோடுகளும் இடையில் காலியும் தெரிந்தால் கிளிப்பிலேயே படி போதவில்லை. வேவ்ஃபார்ம் நிரப்பாக இருந்தும் கண்ணுக்கு வரி தெரிந்தால் பழி மானிட்டர் மேல். கிரேடிங்குக்கு முன் நாய்ஸை அழுத்தித் துடைப்பதும் வரியைக் கூட்டும். மெல்லிய நாய்ஸ்தான் படிகளின் விளிம்பைக் கலைத்து மறைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கேமரா 8 பிட் மட்டும்தான் என்றால், லாக்கை மறந்துவிடுங்கள். சாதாரண பிக்சர் ப்ரொஃபைலில் கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் குறைத்து, ஒயிட் பேலன்ஸை அங்கேயே சரியாக வைத்து எடுத்தால், பின்னால் இழுக்க வேண்டிய தூரம் குறையும். வாங்கிவந்த நிறமாற்றக் கோப்பான LUT-ஐ அழகாக உட்காரவைக்க 8 பிட் லாக் எடுப்பது வீண் வேலை.

3. கொடி: குரோமா சப்சாம்பிளிங்

நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும், நிற வேறுபாட்டை மந்தமாகவும் பார்க்கும். அதை நம்பி 4:2:0 வெளிச்சத்தை முழுதாகவும், நிறத்தை இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒன்றாகவும் வைக்கிறது. 1920×1080 படத்தில் நிறத்தின் அளவு 960×540 மட்டும். 4:2:2 என்றால் 960×1080. குறுக்கே பாதி, உயரம் முழுது.

நீலக் கடலின் மேல் சிவப்புக் கொடி. இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம், நிறம்தான் வேறு. ஓரத்தைக் காட்ட வேண்டிய நிறத் தகவலே நாலில் ஒன்றாக இருப்பதால் ஓரம் கொசகொசவென்று வரும். சிவப்பை மட்டும் குவாலிஃபயரால் தேர்ந்தெடுத்து சாச்சுரேஷன் ஏற்றினால் படிப்படியான பல் தெரியும். தேர்வின் ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் மென்மையாக்குவதும், கொடியைச் சுற்றி மாஸ்க் வரைவதும் ஓரளவு காப்பாற்றும்.

நல்ல வழி படம்பிடிக்கும்போதே இருக்கிறது. 4K 4:2:0-இல் எடுத்து 1080-இல் கொடுங்கள். 3840×2160-இன் நிறத்தளம் 1920×1080. அளவைக் குறைத்ததும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் கிடைத்துவிடும்.

4. கடல்: சுருக்கம்

H.264, H.265 வழக்கமாக ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதி, அடுத்து வருபவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதும். தனுஷ்கோடியில் இது கண்கூடு. வங்கக் கடல் பக்கம், நம்மவர் பெண் கடல் என்பார்களே, தளும்பாமல் கிடக்கும். அடுத்த ஃப்ரேமில் மாறுவது சொற்பம், கோடெக்குக்குச் சுகம். மன்னார் வளைகுடாவின் ஆண் கடலில் நுரை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிது. கொடுத்த பிட்ரேட்டில் சமாளிக்க முடியாமல், கோடெக் இருட்டுப் பகுதியின் நுணுக்கத்தை முதலில் தூக்கி எறியும். கிரேடிங்கில் நிழலைத் தூக்கும்போது அந்த வெற்றிடம்தான் கட்டமாகத் தெரிகிறது. ஆண் கடல் பக்கம் கேமரா தரும் அதிக பிட்ரேட்டையே வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாக எழுதும் ஆல்-இன்ட்ரா என்று இருந்தால் பிட்ரேட்டும் கூடுகிறதா பாருங்கள்; அதே பிட்ரேட்டில் அது தரம் கூட்டாது.

5. எடிட்டிங் கோடெக்காக மாற்றுவது: எதற்கு, எதற்கில்லை

ப்ரோரெஸ் போன்ற எடிட்டிங் கோடெக் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியே வைத்திருக்கும். டைம்லைனில் இழுத்தால் சட்டென்று நிற்கும். H.264-இல் ஒரு ஃப்ரேமுக்குப் போக முந்திய முழு ஃப்ரேமிலிருந்து கணக்கிட்டு வர வேண்டும், அதனால்தான் லேப்டாப் திணறுகிறது.

```
ffmpeg -i C0012.MP4 -map 0:v:0 -map "0:a?" -c:v prores_ks -profile:v 2 -pix_fmt yuv422p10le -c:a pcm_s16le C0012.mov
```

இதனால் வானம் சரியாகும் என்று நினைக்காதீர்கள். 8 பிட்டில் 90 என்பது 360 ஆகும், 91 என்பது 364 ஆகும். நடுவில் 361, 362, 363 காலியாகவே கிடக்கும். தொலைந்த நிறமும் திரும்பாது. கிடைப்பது வேகம், அடுத்த கட்டத்தில் மேலும் இழக்காத பாதுகாப்பு, இரண்டும்தான். கிரேட் செய்ததை விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்பவருக்குக் கொடுப்பதானால் H.264 வேண்டாம், இதையே கொடுங்கள்.

இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 100 Mbps 4K கிளிப் ஒரு மணி நேரம் 45 GB. அதையே 25 ஃப்ரேமில் ப்ரோரெஸ் 422 ஆக்கினால் சுமார் 220 GB. லேப்டாப்பில் இடமில்லாவிட்டால் சிறிய அளவு நகலான ப்ராக்ஸி உருவாக்கி எடிட் செய்யுங்கள், கிரேட் மட்டும் அசலில்.

6. கடைசி எக்ஸ்போர்ட்

யூடியூப்புக்குப் போகும் H.264 பொதுவாக 8 பிட் 4:2:0. 10 பிட்டில் எடுத்த வானம்கூட இங்கே வரி விழலாம். மிக மெல்லிய நாய்ஸ் சேர்த்தால் அது கலையும்.

```
ffmpeg -i final.mov -vf noise=alls=3:allf=t -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p -c:a aac out.mp4
```

`alls` மதிப்பை 3-இல் தொடங்குங்கள், 6-ஐத் தாண்டினால் மணல் தூவியது போல இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும், இந்த நாய்ஸ்தான் முதலில் பறிபோகும். Document ஆக இணைத்து அனுப்புங்கள்.