2.0945-ஆ, 2.0946-ஆ? மூலம் காணும் அசைன்மென்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூமெரிக்கல் மெத்தட்ஸ் அசைன்மென்ட்டுகளில் x³ − 2x − 5 = 0 என்ற சமன்பாடு அடிக்கடி வரும். 1669-இல் நியூட்டன் தன் முறையை விளக்க எடுத்துக்கொண்டதும் இதையேதான். f(2) = −1, f(3) = 16. குறி மாறுவதால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மூலம் இருக்கிறது; அதன் மதிப்பு 2.0945515. இதில் மார்க் போவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இல்லை. எங்கே நிறுத்துவது, நிறுத்தியபின் விடையை எப்படி எழுதுவது என்பதில்தான் போகிறது.

முதலில் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். "டாலரன்ஸ் 0.0001" என்பதும் "நான்கு தசம இடங்களுக்குத் திருத்தமாக" என்பதும் ஒன்றல்ல. முதலாவது, விடைக்கும் உண்மையான மூலத்துக்கும் உள்ள தூரம் 0.0001-க்குள் இருந்தால் போதும் என்கிறது. இரண்டாவது, மூலத்தை நான்கு இடங்களுக்கு முழுமையாக்கினால் வரும் எண்ணையே கேட்கிறது.

பைசெக்‌ஷன் முறையில் n-வது நடுப்புள்ளியின் பிழை (b − a)/2ⁿ-ஐத் தாண்டாது. இங்கே b − a = 1. 2¹³ = 8192 போதாது, 2¹⁴ = 16384 போதும். ஆக, டாலரன்ஸ் 0.0001 என்றால் 14 படிகள் வேண்டும் என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே எழுதிவிடலாம். பதினான்காவது நடுப்புள்ளி 2.0945435. உண்மையான பிழை வெறும் 0.000008தான், டாலரன்ஸுக்கு இது அருமையான விடை. ஆனால் இதையே நான்கு இடங்களுக்குச் சுருக்கினால் 2.0945 வருகிறது. சரியான விடையோ 2.0946! மூலம் 2.09455 என்ற எல்லைக்கு ஒட்டி மேலே இருப்பதால் இப்படி ஆகிறது. இன்னும் சில படிகள் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவதைவிட, இரு பக்கமும் சோதிப்பதே உறுதியான வழி. f(2.09455) ≈ −0.0000165, f(2.09465) ≈ +0.0011. குறி மாறுகிறது, எனவே மூலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, எனவே 2.0946. இந்த இரண்டு வரியை எழுதினால் திருத்துபவர் கேள்வி கேட்க இடமே இருக்காது.

அடுத்தது, |f(x)| டாலரன்ஸைவிடச் சின்னதானதும் நிறுத்திவிடுவது. நம் சமன்பாட்டில் மூலத்துக்கு அருகே சாய்வு 11-க்கு மேல் இருப்பதால் இந்தத் தவறு வெளியே தெரியாது. (x − 1)³ = 0 எடுத்துப் பாருங்கள். x = 1.046 போட்டால் f சுமார் 0.000097, சோதனையில் தேறிவிடும். ஆனால் x-இல் பிழை 0.046! வளைவு x அச்சைத் தட்டையாகத் தொடும் இடங்களில் f சிறிதாக இருப்பது x-ஐப் பற்றி எதையும் சொல்வதில்லை.

நியூட்டன்–ராப்சன் முறையில் 2-இல் தொடங்கினால் 2.1, பிறகு 2.094568, பிறகு 2.0945515. கடைசி இரண்டின் வித்தியாசம் 0.000017, அது 0.0001-க்குள் வந்துவிட்டது, நிறுத்தலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வித்தியாசம் காட்டுவது முந்தைய மதிப்பின் பிழையை. புதிய மதிப்பு அதைவிடப் பல மடங்கு நெருங்கியிருக்கும். அதனால் விடையாக எழுத வேண்டியது புதியதைத்தான். புரோகிராம் எழுதும்போது இந்த இடத்தில் இப்படி ஒரு வரிசைப் பிசகு நேர்வதுண்டு:

```
x_new = x - f(x)/df(x)
x = x_new
if abs(x_new - x) < tol:
    break
```

பழைய x-ஐ அழித்துவிட்டு ஒப்பிடுவதால் வித்தியாசம் எப்போதும் பூஜ்யம். முதல் சுற்றிலேயே நின்று 2.1 என்று அச்சிடும். சரிபார்ப்பு முதலில், x-ஐ மாற்றுவது அப்புறம். அந்த if வரியில் break-க்கு முன் x = x_new போட்டுவிட்டால் விடையும் புதிய மதிப்பாகவே கிடைக்கும்.

தொடக்கப் புள்ளியையும் சும்மா எடுக்கக் கூடாது. x = 1-இல் சாய்வு வெறும் 1, f = −6; தொடுகோடு நம்மை ஒரே தாவலில் 7-க்குக் கொண்டுபோய்விடும். இரண்டு மூன்று முறை பைசெக்‌ஷன் செய்து இடைவெளியைச் சுருக்கிக்கொண்டு நியூட்டனுக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

கையால் செய்பவர்கள், இடையில் நான்கு இடங்களுக்கு முழுமையாக்கிக்கொண்டே போகாதீர்கள். f(2.0946)-இன் மதிப்பு 0.00054. வர்க்கத்தையும் கனத்தையும் நான்கு இடங்களுக்குச் சுருக்கிப் போட்டால் 0.0004தான் வரும். கால்குலேட்டர் தரும் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொண்டு கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.